"உன் சேதி என்ன, சொல்லு"

வாட்ஸப்பில் வரும் செய்திகளில் எனக்குப் பிடித்தது வெறும் நலவிசாரிப்புதான். "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" அவ்வளவுதான் இருக்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்று அனுப்பியவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வரும் படங்களை இதில் சேர்க்கவில்லை. அவற்றுக்குப் பதில் போடாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் சொல்வது, ஒருவர் நம் பெயரைத் தேடி எடுத்து, நமக்கென்றே தட்டிய ஒற்றை வரியை.

அந்த வரிக்கு உடனே பதில் போடுவதில் ரசிக்க ஒன்றுமில்லை. நான்கைந்து நாள் கழித்து, முகம் சுளிக்க வைக்காமல், கூனிக் குறுகாமல், வந்தவர் வாயிலிருந்து வந்த விஷயத்தை வரவழைக்கிற மாதிரி எழுதுவதுதான் கலை. அதில் தேர்ந்தவர்களின் பதில்களை நான் விரும்பிப் படிப்பதுண்டு.

சிவகாசியில் அச்சகம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கும் நண்பர் அப்படிப்பட்டவர். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் மார்கழி வரை அவரைப் பிடிப்பது கஷ்டம். அந்தக் காலத்தில், முன்பு அவரிடம் வேலை பழகிய பையன் ஒருவன் செவ்வாய்க்கிழமை இரவு எழுதியிருக்கிறான்: "வணக்கம் அண்ணாச்சி. நல்லா இருக்கீங்களா?" இவர் பதில் போட்டது ஞாயிறு காலை.

"வணக்கம் தம்பி, நல்லா இருக்கோம். செவ்வாக்கெழமையே பார்த்தேன், காலண்டர் வேலையில கை ஒழியல. உன் சேதி என்ன, சொல்லு. எழுதினாலும் சரி, மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல கூப்பிட்டாலும் சரி."

முதலில் வணக்கத்துக்கு வணக்கம், கேட்ட கேள்விக்குப் பதில். பையன் நலம் விசாரித்தான், அதைத் தாண்டிக் குதித்து "என்ன வேணும்?" என்று அவர் போகவில்லை. அளவும் கவனிக்க வேண்டியது. அவன் போட்டது இரண்டு சொற்றொடர். இவர் திருப்பிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே எடை. வீட்டில் எல்லோருடைய உடல்நிலையும் எழுதியிருந்தால் பையன் பதிலுக்கு அதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் தன் விஷயத்துக்கு வர முடியும். இன்னொரு சின்ன நுணுக்கம். "இனிய இரவு வணக்கம்" என்று வந்ததற்கு ஞாயிறு காலையில் அதையே திருப்பிச் சொன்னால் வேடிக்கையாக இருக்கும். பொழுதைக் கழற்றிவிட்டு வணக்கத்தை மட்டும் திருப்பித் தர வேண்டும். பொங்கல் வாழ்த்தும் அப்படித்தான். காணும் பொங்கல் வரைக்கும் பதில் வாழ்த்து செல்லும். அதற்குப் பிறகு, பண்டிகை எப்படிப் போனது என்று கேட்பதே அழகு.

அடுத்தது தாமதத்தைச் சொன்ன விதம். "செவ்வாக்கெழமையே பார்த்தேன்." இந்த இரண்டு சொற்களுக்காக அவருக்கு மாலை போடலாம். பெரும்பாலோர் இந்த இடத்தில் "இப்பதான் தம்பி பார்த்தேன்" என்று எழுதுவார்கள். வாட்ஸப் 2014இல் நீல டிக்கைக் கொண்டுவந்த பிறகு இந்தப் பொய்க்கு ஆயுள் குறைவு. அனுப்பியவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் எந்த நாள், எத்தனை மணிக்குப் படிக்கப்பட்டது என்பது வரைக்கும் தெரிந்துவிடும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவரும் தப்ப முடியாது. புதன்கிழமை அவர் வைத்த ஸ்டேட்டஸைப் பொதுநண்பர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதோடு அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது: உன் செய்தி என் கண்ணில் பட்டது, நினைவிலும் இருந்தது.

காரணம் அரை வரி. அதுவும் பையன் உள்ளே நின்று பார்த்த வேலை என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை. வேறொருவராக இருந்தால் "ஒரு வாரமா அலைச்சல்" என்றாலே போதும். ஆஸ்பத்திரி, ஊர்ப்பயணம், மாமியார் என்று நாலு காரணம் அடுக்கினால் படிப்பவருக்கு எதையுமே நம்பத் தோன்றாது.

மன்னிப்பை அவர் கேட்கவே இல்லை. இதுதான் என்னை முதலில் உறுத்தியது. யோசித்துப் பார்த்தபோது ரசிக்கவும் வைத்தது. "மன்னிக்கணும், ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தால் பையன் என்ன செய்வான்? "ஐயோ, பரவாயில்ல அண்ணாச்சி" என்று இவரைத் தேற்றுவான். அவனுடைய முறை தேற்றுவதிலேயே தீர்ந்துவிடும். சொல்ல வந்தது மறுபடி தொண்டையிலேயே நிற்கும். தாமதத்தால் என்ன நஷ்டம் என்று தெரியாத நிலையில் பெரிய மன்னிப்பு என்பது அளவெடுக்காமல் தைத்த சட்டை. அனுப்பியவர் நம்மை நினைத்து நகம் கடித்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணமும் பெரும்பாலும் நம் கற்பனை. அலுவலக மின்னஞ்சல்களை வைத்து லாரா ஜியுர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அவசரமில்லாத மின்னஞ்சலுக்கு அனுப்பியவர் எதிர்பார்க்கும் வேகத்தைவிட, பெற்றவர் அதிக வேகத்தைக் கற்பனை செய்துகொள்கிறார். இப்படி வளர்ந்த குற்றவுணர்ச்சிதான் பல பேரை ஐந்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குத் தள்ளிவிடுகிறது.

இப்போது நடுநாயகமான வரி: "உன் சேதி என்ன, சொல்லு."

இதன் அருமை, இதன் இடத்தில் வேறு எதையாவது வைத்துப் பார்த்தால் புரியும். "என்ன விஷயம்?" என்றால் வாசலில் நிறுத்திக் கேட்டது போல ஆகும். "ஏதாவது உதவி வேணுமா?" என்பது கனிவாகத் தோன்றும், ஆனால் பையன் உண்மையிலேயே நினைவு வந்துதான் எழுதியிருந்தால், காரியத்துக்காக வந்தவனாக அவனை ஆக்கிவிடுகிறோம். காரியம் இருந்தாலும் அது உதவி என்ற கணக்கில் ஏறிவிடுகிறது, கேட்கக் கூச்சம் கூடுகிறது. சேதி என்றால் எதுவும் சேதிதான். பெண் பார்த்திருக்கிறார்கள் என்பதும் சேதி, பணம் வேண்டும் என்பதும் சேதி, சும்மாதான் அண்ணாச்சி என்பதும் சேதி. மூன்றுக்கும் ஒரே வாசல்.

வெறும் வணக்கம் மட்டும் திருப்பிப் போடுகிறவர்களும் உண்டு. "வணக்கம். நலம்." இதைவிடப் பதில் போடாமலே இருக்கலாம் என்பது என் கட்சி. இமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்க சமூகவியலாளர், போலீசுக்கு வந்த சுமார் 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தை மட்டும் ஆராய்ந்து 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். மணி அடிப்பது ஒரு கூப்பிடல். எடுத்தவர் வாய் திறந்தால் அது முடிவல்ல, அழைத்தவர் அடுத்துப் பேச வழிவிட்டதாகத்தான் பொருள் என்று அவர் விளக்கினார். நேரில் "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டவரைத் திரும்பிப் பார்த்தாலே போதும், பேச்சு தானாக வரும். ஐந்து நாள் கழித்துத் திரையில் திரும்பிப் பார்த்தால் அப்படி வருவதில்லை. கூப்பிட்ட சூடு ஆறியிருக்கும். "இனி எதற்கு" என்று அவர் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். எனவே தாமதித்தவர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அப்படியானால் விஷயத்தை முதலிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. மென்பொருள்காரர்கள் nohello.net என்று ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள், வணக்கத்தோடு நிறுத்தாதே என்று சொல்வதற்கு. அலுவலகத்துக்கு அது சரி. அஞ்சலட்டைக் காலத்தில் நாமும் அப்படித்தான் இருந்தோம். "நலம், நலமறிய அவா" என்ற வரிக்குக் கீழேயே காரியமும் வந்துவிடும், காசு கொடுத்து வாங்கிய அட்டையில் வணக்கத்தை மட்டும் எழுத யாருக்கு மனசு வரும். செய்தி இலவசமானதும் இரண்டும் பிரிந்துவிட்டன. ஆனால் மூத்தவரிடம், முன்னாள் முதலாளியிடம், ரொம்ப நாள் பேசாத உறவிடம், எடுத்த எடுப்பில் காரியத்தைக் கொட்டுவதை நம் பையன்கள் இன்னும் மரியாதைக் குறைவாகவே நினைக்கிறார்கள். அதைத் திருத்த நான் கிளம்ப மாட்டேன்.

கடைசி வரியில் இரண்டு வழி காட்டியதும் தேர்ந்த வேலை. எழுதக் கூசுகிறவன் பேசுவான். பேசக் கூசுகிறவன் எழுதுவான். "எப்ப வேணா கூப்பிடு" என்பது யாரும் கூப்பிடாத அழைப்பு. "மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல" என்றால் நம்பிக் கூப்பிடலாம். சொன்ன நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பையன் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டான். கோயம்புத்தூரில் ஒரு பிரஸ்ஸில் ஆள் எடுத்தார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்க ஒருவர் பெயரும் எண்ணும் கேட்டார்கள். அண்ணாச்சி பெயரைப் போடலாமா என்று கேட்கத்தான் எழுதினான். வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது, பரவாயில்லை.

இங்கேதான் நண்பர் மன்னிப்பை எடுத்தார்.

"அடடா, என்னாலல்லா தவறிப்போச்சு. மன்னிச்சுக்க தம்பி. இனிமே கேட்கவே வேண்டாம், என் பேரைப் போட்டுரு. போட்டுட்டு ஒரு வரி தட்டிவிடு, அவங்க கூப்பிட்டா நான் பேசிக்கிடுதேன். அந்த பிரஸ்ல எடம் நெறஞ்சிட்டுதான்னு விசாரிச்சியா?"

நஷ்டம் என்னவென்று தெரிந்த பிறகு, அதன் அளவுக்கு, ஒரே ஒரு முறை. உடனே அடுத்த தடவை தன் தாமதம் குறுக்கே நிற்காதபடி அனுமதியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். முடிந்துபோனது என்று பையன் மூடிய கதவைக் கடைசிக் கேள்வியால் ஒரு தள்ளு தள்ளியும் பார்த்தார்.

இந்தக் கலைக்கு எல்லையும் உண்டு. நலவிசாரிப்போடு தவறிய அழைப்பும் இருந்தால், அல்லது பின்னாலேயே இன்னொரு "சார்" வந்திருந்தால், எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, கூப்பிட்டுவிட வேண்டும். பதில் தட்டும் முன் அவருடைய முகப்புப் படத்தையும் ஸ்டேட்டஸையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொள்வதும் நல்லது. அந்த ஐந்து நாளில் வீட்டில் துக்கம் நடந்திருக்கலாம். மாதக்கணக்கில் கடந்துவிட்டால் "உன் சேதி என்ன" மட்டும் போதாது. "அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தே, அது முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்று கேட்க வேண்டும். முடிந்துவிட்டது என்று சொல்லவும் அவருக்கு ஒரு வழி வேண்டுமே.

உங்கள் கைபேசியிலும் இப்படி ஒரு வரி கீழே இறங்கிப் போயிருக்கும். தேடி எடுத்து இன்றைக்கே நாலு வரி எழுதுங்கள். நாளைக்கு இன்னும் நல்லதாக எழுதலாம் என்று வைத்தால், அது ஆறாம் நாளாகிவிடும்.