ஒரே பதில், நான்கு திரைகள்: திருவரங்குளத்தில் ஒரு சோதனை

ஒரு விவசாயி கேள்வி அனுப்புகிறார்: வம்பன் 8 உளுந்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு விதை, என்ன இடைவெளி, பூக்கும்போது என்ன தெளிக்க வேண்டும்? பதில் தானாகப் போக வேண்டும். கேட்பவரிடம் பொத்தான் போன் இருக்கலாம், ஆண்ட்ராய்டு இருக்கலாம். வாட்ஸ்அப்பில் கேட்பவரும் உண்டு, டெலிகிராமில் கேட்பவரும் உண்டு. சிலர் பிள்ளைகளின் மடிக்கணினியில் இணைய அரட்டைப் பெட்டியைத் திறந்து கேட்கிறார்கள். திருவரங்குளம் வட்டாரத்தில் உளுந்துக் கேள்வி வருவது இயல்பு. தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் பக்கத்து வம்பனில்தான் இருக்கிறது. ரகத்தின் பெயரே அங்கிருந்து வந்தது.

இப்படியொரு பதிலை எல்லாத் திரைகளிலும் ஓட்டிப் பார்த்தேன். அதிலிருந்து தேறிய சரிபார்ப்பு முறை இது. இந்த வேலையில் பலரும் முதலில் பார்ப்பது நிறமும் அழகும். நான் முதலில் பார்க்கச் சொல்வது எண்களை. 8 கிலோவும் 30x10-உம் 2%-உம் எல்லாத் திரையிலும் அப்படியே வந்து சேர்ந்தனவா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சோதனைக்கு எடுத்த பதில் இதுதான்:

```
உளுந்து (வம்பன் 8): ஏக்கருக்கு விதை 8 கிலோ. இடைவெளி 30x10 செ.மீ. பூக்கும்போது 2% டி.ஏ.பி. கரைசல் தெளிக்கவும். 15 நாள் கழித்து மீண்டும்
```

சோதனையை விலை குறைந்த திரையிலிருந்து தொடங்குங்கள். பொத்தான் போனில் தப்பிப் பிழைக்கும் பதில் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் பிழைக்கும். புதிய போனில் தொடங்கினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், கோளாறு இருப்பதே தெரியாமல் போகும்.

குறுஞ்செய்தி ஒன்றில் 140 பைட் இடம் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழ் கலந்துவிட்டால் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் ஆகிவிடும், அப்போது அடங்குவது 70 குறிகள்தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளைச் சேர்க்கும் தலைப்புக்கு ஆறு பைட் போக, ஒரு துண்டில் மிஞ்சுவது 67. இங்கே குறி என்பது நாம் எண்ணும் எழுத்து அல்ல. ‘கு’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது க, உகரக் குறி என்று இரண்டு. புள்ளியும் தனிக் குறிதான். கண்ணால் எண்ணினால் கணக்குத் தப்பும், கணினியை எண்ணச் சொல்ல வேண்டும்:

```python
import unicodedata
t = unicodedata.normalize("NFC", reply)
n = len(t)
print(n, 1 if n <= 70 else -(-n // 67))
```

மேலே உள்ள பதிலுக்கு இது 134, 2 என்று காட்டும். இரண்டு துண்டுக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது. முதல் துண்டு ‘பூ’ என்ற எழுத்தோடு முடிகிறது, இரண்டாவது ‘க்கும்போது’ என்று தொடங்குகிறது. போன் இரண்டையும் ஒட்டிக் காட்டினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது.

இந்தக் கச்சிதத்தில்தான் ஆபத்து. ரகத்தின் பெயர் மாறும் இடத்தில் வம்பன் 8-க்குப் பதிலாக வம்பன் 11 வந்தால் ஒரு குறி கூடி 135 ஆகிறது. துண்டு மூன்றாகிவிடும், கட்டணமும் அதற்கேற்ப ஏறும். அதைவிட மோசமானது வெட்டு விழும் இடம். 67-ஆவது குறி இப்போது ‘ப’. ஊகாரக் குறி அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறது. துண்டுகளைத் தனித்தனியே காட்டும் பழைய போனில் இரண்டாவது செய்தி புள்ளிவட்டம் ஒன்றின்மேல் தொங்கும் ஊகாரத்தோடு தொடங்குகிறது. அந்தச் செய்தியை வாங்கிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார்: “தம்பி, இது என்ன வட்டம் வட்டமா புள்ளி? போன் கெட்டுப்போச்சா?” போனில் ஒன்றும் கெடவில்லை. தனக்கு முன்னால் உயிர்மெய்யின் மெய் இல்லாதபோது குறியை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரை போடும் அடையாளம் அந்த வட்டம்.

இதே விபத்து இன்னொரு வழியிலும் நடக்கும். ‘கிலோ’வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்தை யூனிகோடுக்கு மாற்றி எடுக்கும்போது இரண்டாவது வகை நுழைந்துவிடுவதுண்டு. நம் பதிலில் லோ, போ என்று இரண்டு ஓகாரங்கள். இரண்டும் பிரிந்திருந்தால் 136 ஆகி, வெட்டும் ‘பூ’வின் நடுவே விழும். மேலே உள்ள நிரலில் NFC வரி இருப்பது இதற்காகத்தான். எண்ணுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, பழைய சரத்தையே அனுப்பிவிடக் கூடாது. சீராக்கிய `t`-ஐத்தான் அனுப்ப வேண்டும்.

ஒரு சொல்லைக் குறைத்தோ கூட்டியோ வெட்டை நகர்த்தப் பார்த்தால் அடுத்த ரகத்துக்கு அது வேறு எழுத்தின் நடுவே விழும். ‘செ.மீ.’யின் கடைசிப் புள்ளியை எடுத்துப் பார்த்தேன். வம்பன் 11-க்குச் சரியானது. வம்பன் 8-க்கு வெட்டு ‘க்’கின் புள்ளிக்கு முன்னால் போய் நின்றது. ஆகவே ஒட்டுச் செய்தியையே கைவிட்டு, தனித்து நிற்கும் இரண்டு செய்திகளாகப் பிரித்தேன்:

```
உளுந்து (வம்பன் 11): ஏக்கருக்கு விதை 8 கிலோ. இடைவெளி 30x10 செ.மீ.
உளுந்து பூக்கும்போது 2% டி.ஏ.பி. தெளிக்க. 15 நாள் கழித்து மீண்டும்.
```

முதலாவது 65 குறி, இரண்டாவது 67. இரண்டுமே 70-க்குள் இருப்பதால் எதுவும் வெட்டப்படாது. மொத்தச் செலவு அதே இரண்டு செய்திதான். இரண்டாவது முந்தி வந்தாலும் பயிரின் பெயர் அதிலேயே இருக்கிறது. இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தியின் வார்ப்பை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், அனுப்புவது அதோடு பொருந்த வேண்டும். எனவே இந்தச் சோதனை பதிவுக்கு முன்னால் முடிய வேண்டும். மாறும் இடத்தில் வரக்கூடிய மிக நீளமான சொல்லை வைத்தே முடிய வேண்டும்.

அடுத்து டெலிகிராம். இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை, ஒரு செய்தியில் 4096 எழுத்து வரை போகலாம். சிக்கல் நிறுத்தக்குறியில் வருகிறது. `parse_mode` என்பதில் `MarkdownV2` கொடுத்தால் முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, சிறுகோடு போன்றவற்றின் முன்னால் பின்சாய்கோடு போட்டாக வேண்டும். போடாவிட்டால் செய்தி கோணலாகத் தெரியாது, போகவே போகாது. பிழைச் செய்திதான் திரும்பி வரும். தமிழில் சுருக்கம் எழுதினாலே புள்ளிதான்: செ.மீ., டி.ஏ.பி. நம் 134 குறிப் பதிலில் ஏழு முற்றுப்புள்ளி, இரண்டு அடைப்புக்குறி. ஒன்பது இடத்தில் ஒன்றை விட்டாலும் விவசாயிக்குப் பதில் கிடைக்காது. `HTML` முறையில் கவனிக்க வேண்டியவை `<`, `>`, `&` ஆகிய மூன்று மட்டுமே. தமிழ்ப் பதிலுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். ஆங்கிலச் சோதனை வாக்கியத்தை வைத்து ‘வேலை செய்கிறது’ என்று முடிவுகட்டியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

டெலிகிராம் பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் `callback_data` 64 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே மூன்று பைட். திருவரங்குளம் என்ற பெயர் 39, புதுக்கோட்டை 36. ஊரையும் மாவட்டத்தையும் சேர்த்து வைத்தாலே எல்லை தாண்டிவிடும். உள்ளே எண்ணை வையுங்கள், வெளியே தமிழைக் காட்டுங்கள். வாட்ஸ்அப் பதில் பொத்தானின் தலைப்புக்கும் 20 எழுத்துதான் எல்லை. ‘விதை நேர்த்தி முறை’ 18 குறியில் அடங்குகிறது. ‘டி.ஏ.பி. கரைக்கும் முறை’ 23 ஆகிவிடுகிறது.

மடிக்கணினி அரட்டைப் பெட்டியில் நான் கண்டதுதான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. இடைவெளியை எழுதும்போது பலர் பெருக்கல் குறிக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். இரண்டு இடைவெளிகளை ஒரே பதிலில் ‘30*10 அல்லது 25*10’ என்று எழுதி, மார்க்டவுன் விதிப்படி காட்டும் பெட்டியில் விட்டுப் பாருங்கள். இரண்டு நட்சத்திரங்களும் சாய்வெழுத்தின் தொடக்கமாகவும் முடிவாகவும் கொள்ளப்பட்டு மறைந்துவிடும். திரையில் எஞ்சுவது ‘3010 அல்லது 2510’. அதே பதில் குறுஞ்செய்தியில் சரியாக இருக்கும் என்பதால் சோதித்தவருக்குச் சந்தேகமே வராது. நான் ‘x’ வைத்தது இதற்காகத்தான். ஆனால் திரைவாசிப்பானில் ஓட்டிக் கேட்டால் அது ‘எக்ஸ்’ என்று ஒலிக்கக்கூடும். பேசிக் காட்டும் வழியிருந்தால் ‘30 செ.மீ.க்கு 10 செ.மீ.’ என்று அந்தத் தடத்துக்கு மட்டும் விரித்து எழுதுவது நல்லது. திரைவாசிப்பானைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எழுத்து முன்னால் இருந்தால் மனம் தானே திருத்திக்கொள்ளும்.

தடிமனாக்க வாட்ஸ்அப்பில் ஒற்றை நட்சத்திரம், மார்க்டவுனில் இரட்டை, குறுஞ்செய்தியில் எதுவும் இல்லை. ஆகவே அலங்காரம் எதுவுமில்லாத பதிலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, தடத்துக்குத் தடம் கடைசிக் கட்டத்தில் அலங்கரிப்பதே முறை. தடிமனை முழுச் சொல்லுக்கே கொடுங்கள். அடைப்புக்குறியில் முடியும் சொல்லை மூடும் நட்சத்திரத்துக்குப் பின்னால் வேற்றுமை உருபை ஒட்டினால், மார்க்டவுனில் அந்த நட்சத்திரம் மூடாமல் அப்படியே நிற்கும்.

கடைசியாகக் கண்ணுக்கான சோதனைகள். போனின் அமைப்பில் எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றிப் பாருங்கள். உயரம் நிர்ணயித்த பெட்டிக்குள் பதில் இருந்தால் உகர வால் அறுபட்டு, ‘உளுந்து’வின் ‘ளு’ வெறும் ‘ள’வாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு 1.2 மடங்கு வரி உயரம் போதும். தமிழுக்கு நான் 1.5-க்குக் கீழே வைப்பதில்லை. இருண்ட திரையில் பாருங்கள், நண்பகலில் வரப்பில் நின்றும் பாருங்கள். பூட்டிய திரையில் அறிவிப்பாக வரும்போது முதல் சில சொற்கள்தான் தெரியும். ‘வணக்கம், தங்கள் கேள்விக்கு நன்றி’ என்று தொடங்கிய பதிலில் விதையளவு அங்கே இடம்பெறாது. பயிரும் 8 கிலோவும் முன்னால் வரட்டும். வணக்கத்தைப் பதிலின் கடைசியில் வைத்தால் குறுஞ்செய்தித் தடத்தில் அதை வெட்டிவிடவும் வசதி.