ஒன்பதாவது வந்ததும் மரம்

ஜாவா மொழியின் `HashSet` வெளிப்பார்வைக்கு ஒரு ஹாஷ் செட், அவ்வளவுதான். அதன் மூல நிரலைத் திறந்து, அது உள்ளே பயன்படுத்தும் `HashMap` வரை போனால் அரே, லிங்க்டு லிஸ்ட், சமநிலை மரம் மூன்றும் உள்ளே குடியிருக்கின்றன. எது எப்போது வேண்டும் என்பதை இவ்வளவு நேர்த்தியாகக் காட்டும் நிரல் அபூர்வம்.

ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முகவரியிலிருந்து ஹாஷ் எண் கணக்கிடப்படுகிறது. அது அரேயில் ஓர் அறையைக் காட்டுகிறது. அரேயில் எந்த அறைக்கும் நேராகப் போய்விடலாம், வரிசையாகத் தேட வேண்டாம். தொடக்கத்தில் 16 அறைகள். பதின்மூன்றாவது முகவரி வந்ததும் அறைகள் 32 ஆகின்றன.

ஒரே அறைக்கு இருவர் வந்தால்? அங்கே லிங்க்டு லிஸ்ட் தொடங்குகிறது. ஒன்றன்பின் ஒன்றாகத் தேடுவது மெதுவான வேலைதான். ஆனால் சங்கிலியில் ஒன்றிரண்டு பேரே இருக்கும்போது அதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. மரத்தின் ஒவ்வொரு கணுவும் ஏறக்குறைய இரு மடங்கு இடம் பிடிக்கும்.

இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதை 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியான் வெல்டே இருவரும் எடுத்துக்காட்டினார்கள்.

```java
"Aa".hashCode()   // 2112
"BB".hashCode()   // 2112
```

இந்த இரண்டு துண்டுகளையும் மாற்றி மாற்றி 16 முறை கோத்தால் 65,536 வெவ்வேறு சொற்கள் கிடைக்கும். அத்தனைக்கும் ஹாஷ் எண் ஒன்றே. எல்லாம் ஒரே சங்கிலியில் தொங்கும். புதிதாக வரும் ஒவ்வொன்றையும் முன்பிருப்பவை எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டியிருப்பதால் மொத்தம் 200 கோடிக்கு மேல் ஒப்பீடுகள். இப்படி நிரப்பிய ஒரே ஒரு படிவத்தை அனுப்பி, ஒரு சர்வரைத் திணறடித்துவிடலாம்.

2014இல் வந்த ஜாவா 8 தந்த விடை அழகானது. எட்டுப் பேர் உள்ள சங்கிலியில் ஒன்பதாவது வந்து சேர்ந்ததும் அது சிவப்பு-கறுப்பு மரமாக மாறுகிறது. அறைகள் 64க்குக் குறைவாக இருந்தால் மட்டும், மரம் கட்டாமல் அரேயைப் பெரிதாக்கிப் பார்க்கிறது. மரமானபின் 65,536 சொற்களில் ஒன்றைத் தேட அதிகம் போனால் முப்பத்திரண்டு படிகள்.

ஏன் எட்டு? ஹாஷ் எண்கள் நன்றாகப் பரவியிருந்தால் ஓர் அறையில் எட்டுப் பேர் சேரும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஆறுதான் என்று நிரலின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நல்ல நாளில் மரம் முளைக்கவே முளைக்காது. அந்த அடக்கம்தான் இதில் ரசிக்க வேண்டியது.

மரத்துக்கு ஒரு தேவை உண்டு: இரண்டில் எது முந்தையது என்று சொல்ல முடிய வேண்டும். சொற்களுக்கு அது இயல்பாகவே உண்டு. நீங்களே உருவாக்கிய வகுப்பைச் சாவியாக வைத்து, அதில் ஹாஷ் எண்களும் மோதினால், மரம் இருபுறமும் தேட வேண்டிவரும்; வேகம் போய்விடும். அப்படிப்பட்ட வகுப்புக்கு `hashCode`, `equals` எழுதும்போதே `Comparable`-ஐயும் எழுதிவிடுங்கள்.