நன்றிச் செய்தியில் கெடு எதற்கு?

2022 ஜனவரி முதல் வாரத்தில் இஸ்ரோவின் அன்றைய தலைவர் கே. சிவன் புத்தாண்டுச் செய்தி ஒன்று வெளியிட்டார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. மிகவும் சோதனையான ஓர் ஆண்டைக் கடந்து வந்த குழுவிடம் அதன் தலைவர் என்ன சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்று யோசிப்பவர்களுக்கு அந்தச் செய்தி நல்ல பாடம். அதில் மெச்சத்தக்க நேர்மை இருந்தது. அதே செய்தியில், பலரும் செய்கிற ஒரு பிழையும் இருந்தது.

முதலில் அந்த ஆண்டைப் பார்ப்போம். 2019இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆறு ராக்கெட்டுகள் கிளம்பின. 2021இல் இரண்டுதான். பிப்ரவரி 28இல் சென்ற பி.எஸ்.எல்.வி.-சி51 வெற்றி. ஆகஸ்ட் 12 விடியற்காலையில் சென்ற ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 தோல்வி. இடையில் கொரோனாவின் இரண்டாம் அலை. ஆக்சிஜன் கிடைக்காமல் மருத்துவமனைகள் தவித்தபோது, மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரவ ஆக்சிஜன் போனது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தினர் வென்டிலேட்டர்களை வடிவமைத்துக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கை எரிக்கப் பயன்படும் அதே திரவ ஆக்சிஜன்தான் நோயாளிகளின் படுக்கைக்கும் போனது. அந்த ஆண்டின் ஏவுதல் பட்டியலைப் புரட்டுகிற யாருக்கும் இந்த உழைப்பு கண்ணில் படாது.

ஆகஸ்ட் தோல்வியையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நன்றிச் செய்தியின் கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டு அடுக்குகளும் ஒழுங்காக எரிந்தன. கிளம்பி ஐந்து நிமிடம் ஆகும் தறுவாயில் கிரையோஜெனிக் மேலடுக்கு பற்றவேண்டும், பற்றவில்லை. இ.ஓ.எஸ்.-03 செயற்கைக்கோள் ராக்கெட்டோடு போய்விட்டது. மேலடுக்கின் எரிபொருள் திரவ ஹைட்ரஜன், சுமார் மைனஸ் 253 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டியது. இன்ஜின் பற்றும் நேரத்தில் அந்தத் தொட்டிக்குள் போதிய அழுத்தம் இருந்தாக வேண்டும். அழுத்தம் கூடினால் வெளியேற்றுவதற்கென்று அதில் ஒரு வால்வு உண்டு. அந்த வால்வின் மென்மையான அடைப்பு சேதமாகிக் கசிந்ததாலேயே அழுத்தம் குறைந்து, எரிபொருளைத் தள்ளிவிடும் துணைப் பம்பு சரியாக இயங்காமல் போனது என்பதுதான் விசாரணைக் குழு எட்டிய முடிவு. அது வெளியே தெரிந்தது 2022 மார்ச்சில். அதாவது, தலைவர் புத்தாண்டுச் செய்தி எழுதிய நேரத்தில் குழுவின் முழு முடிவும் வெளியாகியிருக்கவில்லை. பல ஆயிரம் பேர் சேர்ந்து செய்த வேலையை ஓர் அடைப்பு கவிழ்த்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. நன்றி சொல்கிறவர் யாரையும் குற்றவாளியாக்காமல், தோல்வியை மூடியும் மறைக்காமல் பேச வேண்டிய இக்கட்டு அது.

அந்த இக்கட்டைச் சிவன் நன்றாகவே கையாண்டார் என்பது என் கருத்து. 2021இல் இஸ்ரோவில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்ற எண்ணம் பரவியிருப்பதை அவரே எடுத்துச் சொன்னார். ஏவுதல்கள் குறைந்ததுதான் அந்த எண்ணத்துக்குக் காரணம் என்றார். ஜி.எஸ்.எல்.வி. தோல்வியையும் ஒளிக்கவில்லை. பிறகு வெளியில் தெரியாமல் நடந்த வேலைகளுக்கு வந்தார். இந்த வரிசை முக்கியம். ஊழியர்கள் வீட்டிலும் உறவிலும் "இந்த வருஷம் என்னதான் பண்ணீங்க?" என்ற கேள்வியைக் கேட்டுக்கேட்டு அலுத்திருப்பார்கள். அந்தக் கேள்வியைத் தலைவர் தாமே எடுத்துக்கொண்டு பதில் சொல்லும்போது, ஊழியர் தனியாக நின்று விளக்கம் கொடுக்க வேண்டிய சுமை குறைகிறது. பொதுவாக வருகிற "சவால்களைச் சந்தித்தோம், ஒன்றாக நின்றோம்" வகை வாசகங்களால் இது முடியாது. எந்தச் சவால், எங்கே, யார் நின்றார் என்று சொல்லாத பாராட்டு எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். அதனால் எந்த மேசையிலும் ஒட்டாது.

பிழை அடுத்தது. அதே செய்தியில் ககன்யான் திட்டமும் வந்தது. மனிதர் இல்லாத முதல் பயணத்தை சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு நிறைவான 2022 ஆகஸ்ட் 15க்குள் நடத்தும்படி உத்தரவு இருப்பதாகவும், அதை எட்டிவிட முடியும் என்று தமக்கு உறுதி உண்டு என்றும் அவர் எழுதினார். அப்போது கையில் இருந்தது எட்டு மாதத்துக்கும் குறைவான காலம். கிரையோஜெனிக் அடுக்கு ஒன்று சற்றுமுன் தோற்றிருந்தது. ஏவுதல் வேகம் இரண்டு ஆண்டாகப் படுத்திருந்தது.

இது அவருடைய தனிக் குறை இல்லை. நன்றிச் செய்தியை எழுத உட்காரும் தலைவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டின் இலக்கையும் அதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் பார்க்கும் நாள் என்பதால் அது இயல்பாகவே வருகிறது. ஆனால் வாசிப்பவர் மனம் அந்த வரியில்தான் நிற்கும். களைத்துப்போன ஒரு பொறியாளருக்கு, முதல் பாதியில் கிடைத்த ஆறுதல் இரண்டாம் பாதியில் முன்பணமாக மாறுகிறது: நன்றி கொடுத்தாயிற்று, இனி ஆகஸ்ட் 15. அந்தத் தேதி பொறியாளர்களின் சோதனை அட்டவணையிலிருந்து கிளம்பியது இல்லை, நாட்காட்டியில் உள்ள ஒரு கொண்டாட்ட நாளிலிருந்து கிளம்பியது. தலைவர் அதை மேலிருந்து வந்த உத்தரவென்று சொன்னது உண்மைதான். ஆனால் தமது உறுதியையும் கூட வைத்தபோது, உத்தரவு வாக்குறுதியானது. வாக்குக் கொடுத்தவர் இரண்டு வாரத்தில் பொறுப்பிலிருந்து இறங்கினார். காப்பாற்ற வேண்டியவர்கள் வளாகங்களில் இருந்தார்கள்.

இரண்டு ஆண்டு முன்பு, 2020 புத்தாண்டு நாளிலும் இதே போக்கைப் பார்க்கலாம். சந்திரயான்-2இன் விக்ரம் கலம், நிலவின் பரப்பைத் தொடுவதற்குச் சற்று முன் தொடர்பற்றுப் போன ஆண்டு 2019. அதைத் தாங்கிய குழுவுக்குச் சந்திரயான்-3 ஒப்புதல் பெற்றது என்ற அறிவிப்பே பெரிய பரிசு. ஆனால் அன்றைய செய்தியாளர் சந்திப்பில், அந்த ஆண்டில் இருபத்தைந்து அளவுக்குத் திட்டங்கள் என்ற கணக்கும் வந்தது. கொரோனா வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. ஆயினும் 2020இல் நடந்த ஏவுதல்கள் இரண்டு. இருபத்தைந்து என்று கேட்டவர்கள் இரண்டைப் பார்த்தார்கள். "எதுவும் நடக்கவில்லை" என்று 2021 முடிவில் சொன்ன மனநிலையில் இப்படிப்பட்ட பெரிய எண்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். மக்கள் இஸ்ரோவை அளக்க எடுத்த கோலை இஸ்ரோவே கொடுத்திருந்தது.

பின்பு நடந்ததும் இதற்குச் சாட்சி. ஆகஸ்ட் 15க்குள் அந்தப் பயணம் நடக்கவில்லை. ககன்யானின் அவசரகாலத் தப்பிப்பு ஏற்பாட்டை நடுவானில் சோதிக்கும் முதல் பயணமே 2023 அக்டோபரில்தான் நடந்தது. ஜி.எஸ்.எல்.வி. 2023 மே 29இல் மறுபடி எழுந்து என்.வி.எஸ்.-01ஐச் சரியாகக் கொண்டுசேர்த்தது. 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. வேலை ஒருநாளும் நிற்கவில்லை, தேதிகள்தான் தவறின.

ஆகவே, குழுத்தலைவராக இருந்து இந்த ஜனவரியில் கடிதம் எழுதப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. சிவன் செய்தது போல, உங்கள் ஆட்கள் வெளியே சந்திக்கிற கேள்வியை முதலில் எழுதுங்கள். தோல்வியை அதன் பெயரோடு சொல்லுங்கள். யாருக்கும் தெரியாமல் நடந்த வேலையை, அது நடந்த இடத்தோடு எழுதுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். அடுத்த ஆண்டின் கெடு தேவைப்பட்டால், அட்டவணை போடுகிறவர்களைக் கேட்டபின் இன்னொரு நாள் இன்னொரு கடிதமாக அனுப்புங்கள்.