ஃபேபர் மேட்டில் ஒரு பெடல் சோதனை

பாசிர் ரிஸில் மின்தூக்கியிலிருந்து சைக்கிளை இறக்கிவிட்டால், சாங்கி கடற்கரை, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா என்று மணிக்கணக்கில் மிதித்தாலும் மேடு என்று சொல்ல ஒன்றும் வராது. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏற நினைத்திருக்கிறேன். எந்த வேகத்தில் ஏறுவேன் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் இடது பக்கம் மட்டும் அளக்கும் பவர் மீட்டர் பெடலை வாங்கினேன்.

பெடல் சொல்லும் வாட் கணக்கு சரிதானா என்று சமதரையில் சோதிக்க முடியாது. அங்கே உழைப்பில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். காற்றோ நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மேட்டில் அப்படியில்லை. 6 சதவீத ஏற்றத்தில் 200 வாட் மிதித்தால், சுமார் 170 வாட் எடையை மேலே தூக்குவதற்கே போகிறது. எடையும் சரிவும் தெரிந்தால் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். நான் பயன்படுத்தும் சூத்திரம் இதுதான்:

```
v × (m × 9.81 × (s + 0.005) + 0.2 × v²) = 0.97 × P
```

`P` பெடலில் காணும் வாட். `m` ஆளும் சைக்கிளும் சேர்ந்த எடை, கிலோவில். `s` சரிவு, 6 சதவீதம் என்றால் 0.06. `v` நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம். 0.005 டயர் உராய்வுக்கு, 0.2 காற்றுக்கு. சங்கிலியில் 3 சதவீதம் போய்விடுவதால் 0.97. பின்சக்கரத்தின் நடுக்குடத்தில் அளக்கும் மீட்டராக இருந்தால் இந்தக் கழிவு வேண்டாம். `v`-க்கு ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் சமமாகும் வரை மாற்ற வேண்டும்.

சோதனைக்கு மவுண்ட் ஃபேபர் சாலையில் சரிவு அதிகம் மாறாத 350 மீட்டரைத் தேர்ந்தேன். இருபுறமும் மரங்கள் இருப்பதால் காற்றுத் தொல்லை குறைவு. கைப்பிடியில் உள்ள கணினி நொடிக்கு நொடி காட்டும் சரிவை நம்பவில்லை. அது 3-க்கும் 9-க்கும் இடையே தாவியது. அடியிலும் உச்சியிலும் உயரத்தைப் பலமுறை பார்த்துச் சராசரி எடுத்தேன்: 21 மீட்டர், அதாவது 6 சதவீதம்.

முதல் நாள் உடல் எடை 70, விளம்பரத் தாளில் போட்டிருந்த சைக்கிள் எடை 8, ஆக 78 கிலோ என்று போட்டேன். 200 வாட்டுக்கு 95 நொடி ஆகவேண்டும். ஆனதோ 106 நொடி. வீட்டுக்கு வந்து தலைக்கவசம், காலணி, இரண்டு போத்தல் தண்ணீர், பூட்டு, பை எல்லாவற்றோடும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினேன். 83 கிலோ. இப்போது கணக்கு 100 நொடி என்றது. மீதி ஆறு நொடி எங்கே?

106 நொடியில் ஏற 188 வாட் போதும். ஆக, பெடல் 12 வாட் கூட்டிச் சொல்லியிருக்கிறது. காரணம் நான் செய்த தவறு. குளிரூட்டிய அறையில் சைக்கிள் நின்றபோதே பூஜ்ய அளவீட்டை முடித்துவிட்டு, வெளியே வெக்கையில் இறங்கியிருந்தேன். பெடல் அச்சு சூடாகும்போது அந்தப் பூஜ்யம் நகர்ந்துவிடுகிறது. மறுநாள் மேட்டின் அடியில் பத்து நிமிடம் நிழலில் நிறுத்தி, அங்கேயே பூஜ்யம் பார்த்து மூன்று முறை ஏறினேன்: 101, 100, 102 நொடி.

இதில் ஒரு வரம்பு உண்டு. உயரத்தில் ஒரு மீட்டர் பிசகினாலே கணக்கு நான்கு நொடி மாறும். எனவே 100 நொடி என்பதை வேதவாக்காக எடுக்கவில்லை. ஆனால் இரண்டு நாளும் ஒரே மேடு, ஒரே எடை. இடையில் குறைந்த ஐந்து நொடிக்குச் சரிவின் பிழை காரணமாக முடியாது. இடது காலே அதிகம் உழைப்பவர்களுக்கு வேறொரு பிழை வரும்: இந்தப் பெடல் இடது காலின் அளவை இரட்டிப்பாக்கித்தான் மொத்தம் சொல்கிறது. அந்தப் பிழை பூஜ்யம் பார்த்தால் போகாது.

சிங்கப்பூர் மேடுகள் குட்டையானவை என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து தொடக்கக் கோட்டைக் கடந்தால், அந்த ஓட்டமே ஏழு நொடி உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிடும். ஏறப்போகும் வேகத்திலேயே, 12 அல்லது 13-ல், கோட்டைத் தாண்டுங்கள்.

மேட்டின் அடியில் பூஜ்யம் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு இந்தப் பெடல் கொடுத்த காசுக்குத் தகும். கோத்தகிரி சாலையில் மணிக்கணக்கில் 200 வாட் எனக்குத் தாங்காது. 170 என்று வைத்தால், 6 சதவீதச் சரிவில் மணிக்கு 11 கிலோமீட்டர் வருகிறது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் இருந்தால் நிமிடத்துக்கு 71 சுற்றுதான் கால் சுற்றும். என் முழங்காலுக்கு அது பாரம். 32 பல் போட்டால் 81 சுற்று. போன வாரம் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றிவிட்டேன்.