முதலில் நூறில் ஐந்து பேருக்கு

ஆண்ட்ராய்டு செயலியின் புதிய பதிப்பு ஒன்று பயனர்களிடம் போய்ச் சேர்வதற்குள் பழுதைப் பிடிக்க, கூகுள் பிளே கன்சோல் மூன்று ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. பதிப்பைச் சோதனைத் தடத்தில் ஏற்றியதும் கூகுளின் ஆய்வகத்தில் உள்ள கைபேசிகளில் அது தானாக ஓட்டிப் பார்க்கப்பட்டு, முன்வெளியீட்டு அறிக்கை வருகிறது. பிறகு படிப்படி வெளியீடு: எல்லோருக்கும் ஒரேயடியாகக் கொடுக்காமல், குலுக்கலில் தேர்வாகும் ஒரு பங்கினருக்கு மட்டும் முதலில் போகிறது. அவர்கள் கையில் செயலி எத்தனை முறை மூடிக்கொண்டது, எத்தனை முறை உறைந்து நின்றது என்பதை ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் கணக்கு வைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் பாதுகாப்பு உறுதி என்ற எண்ணம் செயலி எழுதுவோரிடையே பரவலாக இருக்கிறது. பெரிய செயலிகளுக்கு அது ஓரளவு உண்மை. சிறியவற்றுக்கு எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டையாம்பட்டியின் முறுக்கை எடுத்துக்கொள்ளலாம். அதைப் பெட்டி கட்டி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் வேலையில் வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் செயலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாமக்கல், சேலம், சங்ககிரி வட்டாரத்தில் கடைக்காரர்களும் ஓட்டுநர்களுமாக நாளொன்றுக்கு 4,000 பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஓட்டுநர் பயணத்தைத் தொடங்கியதும் செயலி பின்னணியில் ஓடி இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். 2024 ஆகஸ்டு 31-க்குப் பிறகு வரும் புதுப்பிப்புகள் ஆண்ட்ராய்டு 14-ஐக் குறிவைக்க வேண்டும் என்று பிளே ஸ்டோர் விதித்த கெடுவுக்காக, அதை எழுதியவர் இலக்கு எண்ணை மட்டும் 34-ஆக உயர்த்துகிறார். வேறு எதையும் தொடவில்லை. 14-ஆம் பதிப்பிலோ இப்படி ஓடும் ஃபோர்கிரவுண்ட் சேவை என்ன வகை என்று மேனிஃபெஸ்ட் கோப்பில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சேவை தொடங்கும் நொடியிலேயே செயலி மூடிக்கொள்ளும்:

```
android.app.MissingForegroundServiceTypeException:
Starting FGS without a type
```

இந்தப் பழுது ஆண்ட்ராய்டு 14-ம் அதற்கு மேலும் உள்ள கைபேசிகளில் மட்டும், அதிலும் பயணம் தொடங்கும்போது மட்டும் வரும். இதை எந்த ஏற்பாடு பிடிக்கும்?

முன்வெளியீட்டு அறிக்கையைத் தயாரிப்பது ஒரு தானியங்கி. அது செயலியைத் திறந்து, கண்ணில் படும் பொத்தான்களை அழுத்தி, திரைகளைத் தள்ளி, சில நிமிடங்கள் அலையும். திறந்தவுடன் மூடிக்கொள்ளும் பதிப்பு அதனிடமிருந்து தப்பாது. திரைப்பிடிப்புகளையும் அது எடுத்துத் தருகிறது. தமிழ்ச் செயலிகளுக்கு இதுவே தனிப் பயன். ஆங்கிலத்தில் நான்கெழுத்தாக இருந்த பொத்தான் தமிழில் நீண்டு, பாதியில் வெட்டுப்பட்டு நிற்பது சின்னத் திரையுள்ள கைபேசியின் படத்தில் பளிச்சென்று தெரியும். விரலுக்கு எட்டாத அளவு சிறிய பொத்தான், பின்னணியோடு கலந்துபோன எழுத்து நிறம் ஆகியவற்றையும் அறிக்கை சுட்டிக்காட்டும்.

ஆனால் முறுக்கு வண்டிச் செயலியின் முதல் திரையில் கைபேசி எண் கேட்கும், பிறகு ஓடிபி கேட்கும். தானியங்கிக்கு ஓடிபி வராது. அது வாசலிலேயே நின்று, முதல் இரண்டு திரைகளைச் சுற்றிவிட்டு, சிக்கல் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்துவிடும். உள்ளே போகாத சோதனையிலும் அதே பச்சைக் குறிதான். இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுவே. அறிக்கையில் பழுதுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், தானியங்கி எந்தத் திரைவரை போனது என்று படங்களைப் பார்ப்பதே சரியான வரிசை. ஃபயர்பேஸ் உள்நுழைவைப் பயன்படுத்தினால், நிலையான ஓடிபி கொண்ட சோதனை எண்களைப் பதிவு செய்துகொள்ளலாம். அந்த விவரத்தைக் கன்சோலில் கொடுத்து, பயணத் திரைவரை செல்லும் வழியை ரோபோ ஸ்கிரிப்டாகப் பதிவு செய்து ஏற்றினால் நிலைமை மாறும். சோதனைக் கைபேசிகளில் ஒன்று ஆண்ட்ராய்டு 14-ஆக இருந்தால் மேலே சொன்ன பழுது ஒரு பயனரையும் தொடாமல் அங்கேயே சிக்கிவிடும். அந்த ஸ்கிரிப்டை எழுத அரை நாள் ஆகலாம். பலரும் எழுதுவதில்லை.

எழுதாமல் விட்டதாகக் கொண்டு அடுத்த படிக்குப் போகலாம். பதிப்பு 41 நூறில் ஐந்து பேருக்கு என்று வெளியாகிறது. 4,000-இல் 200 பேர். அவர்களில் ஐந்தில் ஒருவரிடம் ஆண்ட்ராய்டு 14 இருந்தால் 40 பேர். அந்த நாற்பதில் நான்கில் ஒருவர் அன்று பயணம் தொடங்கும் ஓட்டுநர் என்றால் 10 பேர். புதுப்பிப்பும் உடனே இறங்கிவிடாது. வைஃபை கிடைக்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி அமைத்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு அது போய்ச்சேர நாள்கள் ஆகும். முதல் நாளில் பாதிப் பேருக்குத்தான் வந்தது என்றால் 5 பேர். வைட்டல்ஸ் எல்லோரையும் கணக்கெடுப்பதும் இல்லை. பயன்பாட்டு விவரங்களைப் பகிர ஒப்புக்கொண்டவர்களின் கைபேசிகளிலிருந்து மட்டுமே தகவல் போகிறது. அதிலும் பாதி என்றால், மிச்சம் இரண்டு அல்லது மூன்று பேர். ஆண்ட்ராய்டு 14 வைத்திருக்கும் ஒவ்வொரு ஓட்டுநரையும் பாதிக்கக்கூடிய ஒரு பழுதுக்கு முதல் நாள் கிடைக்கும் சாட்சி அவ்வளவுதான். தகவல் மிகக் குறைவாக இருந்தால் வைட்டல்ஸ் அதையும் காட்டாது.

கன்சோலின் எல்லைக் கோடுகளை நம்பினால் நிலைமை இன்னும் மோசம். பயனர் கண்முன்னே செயலி மூடிக்கொள்வது அன்றாடப் பயனர்களில் 1.09 சதவீதத்தைத் தாண்டினாலும், திரை உறைந்து நிற்கும் ANR 0.47 சதவீதத்தைத் தாண்டினாலும், அது மோசமான நடத்தை. ஸ்டோரில் செயலி கண்ணில் படுவது குறையலாம். குறிப்பிட்ட ஒரு கைபேசி மாடலில் மட்டும் 8 சதவீதம் தாண்டினால் அந்த மாடல் வைத்திருப்போருக்கு ஸ்டோர் பக்கத்தில் எச்சரிக்கையே காட்டப்படலாம். இந்த எண்கள் பிரபலமானவை. ஆகவே பலரும் இவற்றையே அபாயச் சங்காகக் கொள்கிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட அத்தனை பேரும் கணக்கில் வந்தாலும்கூட, 4,000-இல் 10 பேர் என்பது 0.25 சதவீதம். எல்லைக்கு வெகு கீழே. புதிய பதிப்பை வாங்கிய 200 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தால் அதே 10 பேர் 5 சதவீதம். பழைய பதிப்பில் நலமாக இருக்கும் 3,800 பேர் இந்த வலியை மறைத்துவிடுகிறார்கள்.

அந்த எல்லைகள் 28 நாள் சராசரியில் அளக்கப்படுவதையும் மறக்கக் கூடாது. பதிப்பு 41 எல்லோருக்கும் போய், இரண்டு நாள் முழுக்க 5 சதவீதம் பேருக்குச் செயலி மூடிக்கொண்டாலும், மற்ற நாள்கள் சுத்தமாக இருந்தால் சராசரி சுமார் 0.36-தான். பண்டிகைக் காலத்து இரண்டு நாள் வியாபாரம் கெட்டிருக்கும், கோடோ அசையாது. இந்த எல்லைகள் ஸ்டோரில் செயலியின் இடத்தை முடிவு செய்யும் அளவுகோல்கள். வெளியீட்டைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று சொல்ல அவை அமைக்கப்படவில்லை. அதற்குப் பார்க்க வேண்டியது பதிப்பு எண்ணால் வடிகட்டிய பட்டியலை. 41-இல் மட்டும் இருக்கும், 40-இல் ஒருமுறைகூட வராத பழுதுத் தொகுதி ஒன்று முளைத்திருந்தால், அதில் இரண்டே பேர் இருந்தாலும் நிறுத்த அது போதும். அதை ஆண்ட்ராய்டு பதிப்புவாரியாகப் பிரித்தால் எல்லாம் 14-இல் குவிந்திருக்கும். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அபூர்வமான பழுதுகளுக்கு இந்த வழியும் போதாது. நூற்றில் ஒருவரைத் தொடும் பழுது, கணக்கில் வரும் 100 பேரில் ஒருவரிடமும் தென்படாமல் போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. 300 பேரைப் பார்த்தால்தான் அது 5 சதவீதத்துக்கு இறங்கும். எனவே எத்தனை சதவீதம் என்ற கேள்வியைவிட, எத்தனை பேர் புதிய பதிப்பை உண்மையில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள் என்ற கேள்வியே முக்கியம். கோடிக்கணக்கானோர் வைத்திருக்கும் செயலிக்கு ஒரு சதவீதமே ஏராளம். 4,000 பேர் செயலிக்கு 5 சதவீதம் என்பது பெரும்பாலும் சம்பிரதாயம். அதற்கு 20 சதவீதத்தில் தொடங்கி மூன்று நாள் பொறுப்பதே பொருத்தம்.

பழுது தெரிந்து வெளியீட்டை நிறுத்தினால், அது புதிதாக யாருக்கும் போகாது. படிப்படி வெளியீட்டின் பலம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. 3,800 வண்டிகளும் கடைகளும் எதுவும் நடக்காததுபோல் பழைய பதிப்பில் தொடர்கின்றன. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மீட்சி இல்லை. கைபேசியிலிருந்து 41-ஐப் பிடுங்கி 40-ஐத் திரும்ப வைக்க கன்சோலில் வழி கிடையாது. திருத்தத்தை 42 என்ற உயர்ந்த எண்ணோடுதான் அனுப்ப வேண்டும். இங்கே திருத்தம் சிறியது:

```xml
<uses-permission
  android:name="android.permission.FOREGROUND_SERVICE_LOCATION" />
<service android:name=".TripService"
  android:foregroundServiceType="location" />
```

ஆனால் 42-ம் கூகுளின் பரிசீலனையைத் தாண்டியாக வேண்டும். ஃபோர்கிரவுண்ட் சேவை எதற்கு என்ற விளக்கத்தையும் கன்சோலில் நிரப்ப வேண்டும். அது சில மணி நேரமாகலாம், சில நாளாகலாம். அதுவரை அந்த ஓட்டுநர்கள் கடைக்குப் போன் செய்துதான் இடம் சொல்ல வேண்டும். மூன்று பதிப்புகளும் ஒரே நேரத்தில் உலவுவதால் சர்வர் மூன்றுக்கும் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும் என்பதும் படிப்படி வெளியீட்டின் மறைமுகச் செலவு.

இந்த ஏற்பாடுகளின் பார்வைக்கே வராத பழுதுகளும் உண்டு. முறுக்குப் பெட்டியின் எடையைத் தவறாகக் கூட்டும் செயலி மூடிக்கொள்வதில்லை, உறைவதும் இல்லை. வைட்டல்ஸுக்கு அது ஆரோக்கியமான செயலி. சர்வரிலிருந்து அமைப்பு மதிப்புகளை மாற்றினால் அது சதவீதக் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் எல்லோரையும் சேரும். 2021 மார்ச் 22-23-இல் உலகெங்கும் ஜிமெயில் முதல் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டதற்கு, குரோமும் வெப்வியூவும் பயன்படுத்தும் சோதனை-அமைப்பு முறையில் இருந்த பழுதே காரணம் என்று கூகுளே அறிவித்தது. அந்தச் செயலிகளின் சொந்த நிரலில் அன்று ஒரு வரிகூட மாறியிருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய உள்ளடக்கப் புதுப்பிப்பும் படிப்படியாகப் போகவில்லை; மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதல் நிகழ்வு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது: பழுது 40, 41 இரண்டிலும் ஒரே நேரத்தில் எகிறினால் சொந்த வெளியீட்டை நிறுத்தி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை, காரணம் வெளியே இருக்கிறது.

ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் கட்ட வெளியீடு ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 என்று தானாக ஏறுகிறது. இடையில் நிறுத்தி வைக்கலாம். பிளே கன்சோல் தானாக ஏற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை 20 சதவீதம் என்று போட்டுவிட்டுப் போனால், யாராவது மாற்றும்வரை அது 20 சதவீதமாகவே நிற்கும். சிறிய செயலிக்கு இந்த ஏற்பாடே நல்லது: பட்டியலைப் பார்க்க ஆள் இல்லாத வார இறுதியில் பழுது அந்த 20 சதவீதத்தைத் தாண்டிப் பரவாது.