ஒரே கடை, இரண்டு விலை

2019-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். டார்கெட் கடையிலிருந்து தள்ளி நின்று, அந்தக் கடையின் செயலியிலேயே 55 அங்குல சாம்சங் டிவியின் விலையைப் பார்த்தார்கள். 499.99 டாலர் என்றது. கடையின் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து அதே செயலியைத் திறந்தால் 599.99 டாலர். டிவியும் மாறவில்லை, கடையும் மாறவில்லை. வாங்க வந்தவர் கடையை நெருங்கியதும் விலை நூறு டாலர் ஏறிவிட்டது. கைபேசி இருக்கும் இடத்தைக் கண்டுகொண்டு, தள்ளி இருப்பவருக்கு இணைய விலையையும் கடையருகே வந்தவருக்குக் கடை விலையையும் செயலி காட்டியிருக்கிறது. 2022-இல் கலிபோர்னிய மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த விலைக் குளறுபடி வழக்கை முடிக்க அந்த நிறுவனம் 50 லட்சம் டாலர் கட்டியது. வழக்கில் சொல்லப்பட்ட குறைகளில் இந்தச் செயலி விவகாரமும் ஒன்று.

இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2007-இல், கனெக்டிகட் மாநில அரசு பெஸ்ட் பை மீது வழக்குப் போட்டது. வீட்டில் இணையத்தில் குறைந்த விலையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குக் கடை ஊழியர்கள் தங்கள் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். பார்வைக்கு அது பொது இணையதளம் போலவே இருந்தது. உண்மையில் அது கடையின் உள்வலைப் பக்கம். அதில் கடை விலைதான் வரும். வந்தவர்கள் தாங்கள்தான் தவறாகப் பார்த்துவிட்டோம் போலிருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்பது புகார்.

இரண்டு வழக்கிலும் கடை விலையும் இணைய விலையும் வேறுபட்டது தனியாகப் புகாராகவில்லை. வேறுபாட்டை மறைத்ததுதான் புகாரானது. ஆனால் வாடிக்கையாளரின் மனம் நீதிமன்றம் போல இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. இருபது வருடமாக ஒரே கடைக்கு வருபவர் விலைப்பட்டையைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. அந்தக் கடையே தன் இணையப் பக்கத்தில் முகமறியாத ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்கிறது என்று தெரியும் அன்று, வேறுபாடு மறைக்கப்பட்டதா வெளிப்படையாக இருந்ததா என்று அவர் ஆராய மாட்டார். தன் பழக்கத்துக்குத்தான் கூடுதல் விலை வாங்கியிருக்கிறார்கள் என்று நினைப்பார். அந்த நினைப்பில் தப்பும் இல்லை.

பெரிய கடைகள் பல, இரு இடத்திலும் ஒரே விலை என்ற முடிவுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பொருளியலாளர் அல்பெர்ட்டோ கவாயோ பத்து நாடுகளில் 56 பெரிய சில்லறை நிறுவனங்களின் கடை விலையையும் அவற்றின் சொந்த இணைய விலையையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 72 விழுக்காடு நேரம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. பெரிய நிறுவனத்துக்குச் சரிவருவது சின்னக் கடைக்கும் சரிவருமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. கடையில் கிலோ 240 ரூபாய். இணையத்தில் வரும் ஆர்டருக்குச் சென்னைக்குக் கூரியர் 60, அட்டைப்பெட்டியும் ஒட்டுநாடாவும் சேர்ந்து 20, பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்துக்கு இரண்டு விழுக்காடும் அதன் மேல் வரியுமாகக் கிட்டத்தட்ட 6. ஆக, ஒரு கிலோவை அனுப்ப 86 ரூபாய் கூடுதல் செலவு.

இதை யார் தலையில் வைப்பது? ‘எங்கும் ஒரே விலை, டெலிவரி இலவசம்’ என்று போட்டால் 86 ரூபாயும் கடைக்காரரின் லாபத்திலிருந்து போகும். கடலைமிட்டாயில் கிலோவுக்கு அவ்வளவு லாபம் நிற்பது அரிது. எனவே பலர் செய்வது, இரு இடத்திலும் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் செலவைப் பரப்பிவிடுவது. விற்பனையில் நாலில் ஒரு பங்கு இணையம் வழியாகப் போகிறது என்றால், ஒவ்வொரு கிலோவுக்கும் 22 ரூபாய் ஏற்றினால் சரியாகிவிடும். இரு இடத்திலும் 262 ரூபாய். பார்க்க ஒரே விலை, நேர்மையான விலை. ஆனால் கடைக்கு நடந்துவந்து, காகிதப் பையில் போட்டு வாங்கிப்போகும் உள்ளூர்க்காரர் ஒவ்வொரு கிலோவுக்கும் 22 ரூபாய் சென்னைக்காரரின் கூரியருக்குக் கொடுக்கிறார். அது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஒரே விலைக் கொள்கையின் பெரிய குறை இதுதான். வாடிக்கையாளர் ஏமாந்ததாக உணரக் கூடாது என்று தொடங்கிய ஏற்பாடு, அவர் உணராதபடி அவரிடம் வாங்கும் ஏற்பாடாக முடிகிறது.

செலவை இணைய விலையில் மட்டும் ஏற்றி 326 என்று போடலாமே என்றால், அதிலும் சிக்கல் உண்டு. சின்ன ஊர்க் கடைகளின் இணையப் பக்கத்தில் வாங்குபவர்களில் நிறையப் பேர் அந்த ஊரிலிருந்து வெளியே போனவர்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்து கடையில் 240 என்ற பலகையைப் பார்த்ததும், இத்தனை நாளும் கிலோவுக்கு 86 ரூபாய் கூடக் கொடுத்தோமே என்றுதான் தோன்றும். அந்தப் பணம் கூரியருக்குப் போனதை அவருக்கு எந்த பில்லும் சொல்லவில்லை.

மிஞ்சுவது, பொருளுக்கு இரு இடத்திலும் 240, அனுப்பும் செலவு தனி வரியில் என்ற முறை. இந்தக் கட்டுரை ஆதரிப்பது இதைத்தான். ஆனால் இதற்கும் விலை உண்டு. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் திடீரென்று 86 ரூபாய் சேர்ந்தால், வாங்க வந்தவர் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். பொருளின் படத்துக்குப் பக்கத்திலேயே, 240-க்குக் கீழே, அனுப்பும் செலவை எழுதிவிட வேண்டும். மூன்று கிலோவாக வாங்கினால் கிலோவுக்கு எவ்வளவு குறையும் என்பதையும் அங்கேயே சொல்லலாம். முறுக்கு போல எடை குறைந்து இடத்தை அடைக்கும் பண்டத்துக்குக் கணக்கு இன்னும் கடினம். கூரியர்க்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வது வழக்கம். 30க்கு 25க்கு 20 பெட்டியில் ஒரு கிலோ முறுக்கு போனாலும் கட்டணம் மூன்று கிலோவுக்கு. அதற்கு ஒரே விலையும் இலவச டெலிவரியும் சேர்ந்து நிற்கவே முடியாது. 2017-இல் வால்மார்ட்டே, மலிவான சில பொருள்களை அனுப்பிக் கட்டுப்படியாகாமல், இணையத்தில் கூடுதல் விலை வைத்து, கடையில் வந்தால் இவ்வளவுதான் என்று பக்கத்திலேயே காட்டத் தொடங்கியது.

இணையத்துக்கு வாடகை இல்லை, ஆள் இல்லை, அதனால் அங்கே குறைத்துத்தான் தர வேண்டும் என்ற வாதமும் உண்டு. ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். சொந்தக் கடையின் பின்னறையிலிருந்தே பொட்டலம் கட்டும் வியாபாரிக்குப் பொருந்தாது. வாடகையைக் கடைதான் கட்டுகிறது. அனுப்புவதற்கு ஆள் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்தியச் சட்டம் இதில் ஓரளவுதான் தலையிடுகிறது. நியாயமற்ற வணிக முறையில் ஒரே மாதிரியான பொட்டலத்துக்கு வெவ்வேறு அதிகபட்ச சில்லறை விலை அச்சிடக் கூடாது என்ற விதி 2018 சனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்கவும் கூடாது. அதற்குக் கீழே கடையில் ஒரு விலை, இணையப் பக்கத்தில் ஒரு விலை என்று விற்பதை அந்த விதி தடுக்கவில்லை. அந்த இடைவெளியை நேர்மையாக வைப்பது கடைக்காரரின் பொறுப்பு.

விலைப் பட்டியலை ஒன்றாக்கிவிட்டேன் என்று நினைக்கும் கடைகளும் தவறும் ஓர் இடம், முதல் ஆர்டர் தள்ளுபடி. பக்கத்தைத் திறந்ததும் WELCOME10 என்று ஒரு கட்டம் வரும். புதியவருக்குப் பத்து விழுக்காடு குறையும். கிலோ 240 என்பது அவருக்கு 216. கடையில் வருடக்கணக்காக வாங்குபவருக்கு 240-தான். அவருடைய மகள் கைபேசியில் அதைக் காட்டும்போது, இரண்டு விலைப் பட்டியலும் ஒன்றுதான் என்ற விளக்கம் எடுபடாது. கூப்பன் என்பதும் விலைதான். புதியவரை இழுக்கத் தள்ளுபடி வேண்டுமென்றால், அதே வாரம் கடையில் கேட்பவருக்கும் அது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை அனுப்பும் செலவிலிருந்து மட்டும் குறைக்க வேண்டும். இரண்டாவது வழி நல்லது. அது கடைக்கு வருபவரின் விலையைத் தொடுவதே இல்லை.

விலை மாறும் நாளில் நடக்கும் குளறுபடிகள் வேறு வகை. நிலக்கடலையும் வெல்லமும் ஏறினால் மிட்டாயும் ஏறும், இறங்கினால் இறங்கும். இணையப் பக்கத்தில் விலையை மாற்ற ஒரு நிமிடம் போதும். அலமாரியில் ஒட்டியிருக்கும் பட்டைகளை மாற்ற அரை நாள் ஆகும். அந்த அரை நாளில்தான் சண்டை வருகிறது. இதற்கு வரிசை ஒன்று வைத்துக்கொள்ளலாம். விலை இறங்கினால் முதலில் கடையில் இறக்கி, பிறகு பக்கத்தில் இறக்க வேண்டும். ஏறினால் முதலில் பக்கத்தில் ஏற்றி, பட்டை மாறிய பிறகு கடையில் ஏற்ற வேண்டும். இப்படிச் செய்தால் எந்த நேரத்திலும் கடை விலை இணைய விலையைவிட மேலே இராது. போன தீபாவளிக்குப் போட்ட வாட்ஸ்அப் விலைப் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அதில் தேதி போட்டிருந்தால்தான் கடைக்காரர் வாயைத் திறக்க முடியும்.

எல்லாப் பண்டத்துக்கும் ஒரே விலை வைக்கவும் முடியாது. இன்னும் நாலு நாளில் கெட்டுப்போகும் பால்கோவாவைக் கடையில் பாதி விலைக்குத் தள்ளுவது நியாயம். இணையத்தில் அதே விலை போட்டால் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். பேரம் பேசி வாங்கும் பட்டுச் சேலைக் கடையின் இணையப் பக்கத்தில் ஒரு விலை வந்துவிட்டால், அதுவே பேரத்தின் தொடக்க விலையாகிவிடும். அங்கே ஒரே விலை வேண்டுமானால் முதலில் பேரத்தை நிறுத்த வேண்டும். பல கடைகளுக்கு அது முடியாது.

எங்கள் இணையப் பக்கத்தில் குறைவாக இருந்தால் காட்டுங்கள், குறைத்துத் தருகிறோம் என்பது பல கடைகளின் சமாதானம். கைபேசியை நீட்டியதும் முதலாளியைக் கூப்பிடாமல், பில் போடுபவரே குறைத்துக் கொடுப்பது கட்டாயம் வேண்டும். ஆனால் அது போதாது. கேட்டவருக்குக் கிடைக்கும், கேட்காதவருக்குக் கிடைக்காது. கேட்காதவர் பெரும்பாலும் கைபேசி பார்க்காத வயதானவர், கூச்சப்படுபவர், கடைக்காரரை நம்பி வருபவர். வித்தியாசத்தைத் தாங்குவது அவர்தான். பில் போடும் மென்பொருளும் இணையப் பக்கமும் ஒரே பொருள் எண்ணில், ஒரே விலைப் பட்டியலிலிருந்து விலையை எடுத்தால், கேட்க வேண்டிய அவசியமே இராது. அது முடியாத சின்னக் கடைகளில், அதிகம் விற்கும் பத்துப் பொருள்களை மாலையில் எடுத்துக் கடைப் பட்டையையும் பக்கத்தையும் ஒருவர் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் குறைவாக இருந்தால், அன்று கூடுதலாகக் கொடுத்த பழைய வாடிக்கையாளரின் கணக்கில் மீதியை எழுதிவைத்து, அடுத்த முறை வரும்போது அவர் கேட்காமலே கழித்துக்கொடுக்க வேண்டும்.