டெரிக்மேனின் பயோடேட்டா சொல்லாதது

மும்பை ஹையிலோ வளைகுடாவிலோ ஜாக்கப் ரிக்கில் வேலை தேடுபவர்களின் பயோடேட்டாக்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். மேலே பதவி. அதன் கீழே வேலை பார்த்த ரிக்குகளின் பெயர்கள், எத்தனை நாள் கடலில், எத்தனை நாள் வீட்டில் என்ற சுழற்சி. பிறகு பாதுகாப்புப் பயிற்சிகளின் அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் எதிரே காலாவதித் தேதி. கடைசியில் மருத்துவத் தகுதிச் சான்று. இந்த வார்ப்பு ஒரு கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது: இந்த மனிதரை நாளைக் காலை ஹெலிகாப்டரில் ஏற்றலாமா? ரிக்கில் இறங்கிய பிறகு அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்ற கேள்வியை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை.

முதல் கேள்வியை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். தப்பும் வழியை எல்லோருக்கும் ஒரே தரத்தில் கற்றுத்தர வேண்டும் என்ற அழுத்தம் அதன் பிறகுதான் வலுத்தது. இன்று அட்டவணையில் முதல் வரியாக நிற்கும் பாசியட் பயிற்சி மூன்று நாள். தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர்காத்தல் ஆகியவற்றோடு, நீச்சல் குளத்தில் தலைகீழாகக் கவிழும் ஹெலிகாப்டர் கூண்டிலிருந்து வெளியேறவும் பழக்குகிறார்கள். சான்று நான்கு ஆண்டு செல்லும். அது முடியும் முன்பே ஒரு நாள் மறுபயிற்சியை முடித்துவிட வேண்டும். தவறவிட்டால் மறுபடி மூன்று நாளும், அதற்கான கட்டணமும். ஆகவே பயோடேட்டாவில் அந்தத் தேதிகள் இருப்பது சரி. ஓப்பிட்டோ அமைப்பின் பதிவேட்டில் சான்று எண்ணைச் சரிபார்க்க முடிவதால் போலிகளையும் பிடிக்கலாம். ஒரு குறை மட்டும் உண்டு. வெப்பக் கடல்களுக்கான பயிற்சியை முடித்தவரும் வெறுமனே ‘பாசியட்’ என்றே எழுதுகிறார். அந்தச் சான்று பிரிட்டனின் கடற்பகுதிக்குச் செல்லாது.

சிக்கல் அனுபவப் பகுதியில் தொடங்குகிறது. ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ‘டெரிக்மேன், ஜாக்கப் ரிக், 2018 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை, 28/28’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உதவி டிரில்லர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். படிப்பவர்களில் ஒரு சாரார் இதை ஆறு ஆண்டு என்று அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு சாரார், பாதி நாள் வீட்டில்தானே இருந்தார் என்று மூன்றாகக் குறைப்பார்கள். இரண்டாவது கணக்கு அநியாயமானது. ரிக்கில் ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரம், வாராந்திர விடுமுறை கிடையாது. ஆண்டில் பாதி, அதாவது 182 நாளை எடுத்தாலே ஏறத்தாழ 2,190 மணி நேரம் வருகிறது. கரையில் எட்டு மணி நேரம் வீதம் 300 நாள் உழைப்பவருக்கு 2,400. நேரத்தில் பெரிய இடைவெளி இல்லை.

அந்த நேரத்தில் ரிக் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். 2020-ல் எண்ணெய் விலை சரிந்தபோது பல ரிக்குகள் வேலையின்றி ஒதுக்கி நிறுத்தப்பட்டன. அப்படி நின்ற ரிக்கில் குறைந்த ஆட்களோடு இருந்தவர் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்திருப்பார், பம்புகளைப் பிரித்துப் பூட்டியிருப்பார். குழாயை ஏற்றி இறக்கியிருக்க மாட்டார். கப்பல் பட்டறையில் பழுது பார்த்த மாதங்களும் இப்படித்தான். தோண்டிய மாதங்களையும் நின்ற மாதங்களையும் ‘28/28’ ஒரே மாதிரிக் காட்டுகிறது.

பதவிப் பெயரும் தெளிவு தருவதில்லை. பழைய அமைப்புள்ள ரிக்கில் டெரிக்மேன் டிரில் தளத்துக்கு ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில், மங்கி போர்டில் நின்று மூன்று குழாய்கள் சேர்ந்த ஸ்டாண்டுகளைக் கையால் இழுத்து அடுக்குவார். புதிய ரிக்கில் அதை எந்திரக் கை செய்துவிடும். அங்கே அவருடைய நேரம் பெரும்பாலும் மட் பம்புகளோடும் ஷேக்கர்களோடும் கழியும். இரண்டும் மதிக்கத்தக்க வேலைகள், ஆனால் ஒன்றில் தேர்ந்தவர் மற்றதிலும் தேர்ந்தவர் என்று கொள்ள முடியாது.

நம் விண்ணப்பதாரர் கேட்கும் பதவிக்கு இது ஏன் முக்கியம்? குழாயைக் கிணற்றிலிருந்து மேலே எடுக்கும்போது, வெளியேறும் இரும்பின் கன அளவுக்குச் சமமாக மட் உள்ளே போக வேண்டும். ஐந்து அங்குலக் குழாயில் ஐந்து ஸ்டாண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை பேரல். இரண்டுதான் போயிருக்கிறது என்றால், மீதி இடத்தைப் பாறையிலிருந்து வந்த எண்ணெயோ வாயுவோ பிடித்துக்கொண்டது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே நிறுத்தி, கிணறு தானாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ட்ரிப் டேங்க்கைக் கவனித்து இந்தக் கணக்கைத் தாளில் எழுதுவது உதவி டிரில்லரிடம் வந்து சேரும் பொறுப்புகளில் ஒன்று. விண்ணப்பதாரர் இந்தத் தாளை எப்போதாவது எழுதியிருக்கிறாரா? பயோடேட்டாவில் இருப்பது ‘கிணற்றுக் கட்டுப்பாடு, மூன்றாம் நிலை, இரண்டு ஆண்டு செல்லும்’ என்ற வரி மட்டும். அது வகுப்பறையிலும் சிமுலேட்டரிலும் தேறியதற்குச் சான்று. சிமுலேட்டரில் கிணறு பொங்கப்போகிறது என்பது உட்காரும்போதே தெரியும். ரிக்கில் இரவு மூன்று மணிக்கு, இருபதாவது நாளில், ஒன்றரை பேரல் குறைகிறது என்று வாய்திறந்து சொல்ல வேண்டும்.

2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் நடந்ததும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. கிணறு அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் டிரில் குழாயில் 1,400 பி.எஸ்.ஐ. அழுத்தம் நின்றது. பக்கத்துக் கில் லைனில் ஒழுக்கு இல்லை. இரண்டும் பொருந்தவில்லை. ஆனாலும் விளக்கம் ஒன்றைச் சொல்லிச் சோதனை தேறியதாக ஏற்றார்கள். அன்றிரவே கிணறு வெடித்துப் பதினொரு பேர் இறந்தார்கள். அங்கே இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், அனுபவசாலிகள். பொருந்தாத அளவைக் கண்டால் வேலையை நிறுத்தும் பழக்கம் ஒருவருக்கு உண்டா என்பதைக் காட்ட எந்தச் சான்றிதழிலும் கட்டம் இல்லை.

மருத்துவச் சான்று பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரிட்டிஷ் முறைப்படியான சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டு செல்லும். தகுதி உண்டா இல்லையா, கட்டுப்பாடு ஏதும் உண்டா என்பதை மட்டும் அது சொல்கிறது. நோய் விவரம் மருத்துவரிடமே இருக்கும். இது நல்ல ஏற்பாடு. நம்மவர்கள்தான் ரத்த வகை, எடை, பாஸ்போர்ட் எண், அப்பா பெயர் வரை பயோடேட்டாவில் கொட்டி, முன்பின் தெரியாத ஏஜெண்டுகளுக்கு அனுப்புகிறார்கள். வேலை உறுதியாகும்வரை ‘தகுதி உண்டு, இன்ன தேதிவரை’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

அந்த இடத்தை அனுபவத்துக்குக் கொடுக்கலாம். நம் விண்ணப்பதாரரின் வரி இப்படி மாறினால் போதும்: ‘28/28, இதில் பதினான்கு மாதம் ரிக் நிறுத்திவைப்பு, பராமரிப்பு வேலை. மீதிக் காலம் தோண்டும் பணி. மங்கி போர்டில் கையால் குழாய் அடுக்கும் ரிக். கடைசி ஓராண்டு உதவி டிரில்லரின் மேற்பார்வையில் ட்ரிப் தாள் எழுதினேன். ஒரு முறை மட் குறைவாகப் போனதைக் கண்டு சொன்னேன், கிணறு மூடப்பட்டது.’ கிணற்றின் பெயரை எழுதாததால் நிறுவன ரகசியமும் கெடாது. நேர்காணல் செய்பவருக்குப் பிடித்துக் கேட்க நான்கு இடம் கிடைக்கிறது.

இதை யார் உறுதி செய்வது என்பது நியாயமான கேள்வி. கப்பல் மாலுமிக்குச் சி.டி.சி. என்ற கையேடு உண்டு. அவர் ஏறிய நாளும் இறங்கிய நாளும் கேப்டனின் கையெழுத்தோடு அதில் பதிவாகும். டிரில் தளத்து ஆட்களுக்குப் பொதுவாக அப்படி ஒன்று இல்லை. நிறுவனங்கள் ஆளாளுக்குத் திறன் மதிப்பீடு செய்து கோப்பில் வைக்கின்றன. வேலை மாறும்போது கோப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆனால் ரிக்கில் தினமும் நிரப்பும் தோண்டுதல் அறிக்கையில் அன்று எந்த ஷிஃப்டில் யார் எந்தப் பதவியில் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதும், ரிக் அந்த நேரத்தில் என்ன செய்தது என்பதும் ஒரே தாளில் இருக்கின்றன. வேலையை விட்டுப் போகிறவருக்கு அதிலிருந்து ஒரு பக்கச் சுருக்கம் எடுத்து டூல்புஷர் கையெழுத்திட்டுக் கொடுக்க, புதிதாக எதையும் பதிவு செய்யத் தேவையில்லை.